உளவியல் பரிசோதனைப் பாடத்தைச் சுருக்க அட்டைகளாக மாற்றுவது: நினைவாற்றல் பாடத்தை வைத்து ஒரு செய்முறை

உளவியலில் முதுகலை சேர்ந்த வருடம், நினைவாற்றல் பாடம் முழுவதையும் அட்டைகளாக எழுதி முடித்தேன். இருபதுக்கு மேல் இருந்தன. தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு அட்டையை எடுத்து, தலைப்பைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு 'வரம்பு' என்ற பகுதியை மட்டும் படித்தேன். "மாணவர்களை மட்டும் வைத்துச் செய்தது. ஆய்வகச் சூழல் செயற்கையானது. எல்லோருக்கும் பொருத்த முடியாது." இது எந்தப் பரிசோதனை என்று எனக்கே தெரியவில்லை. அடுத்த அட்டையிலும் அதே மூன்று வரிகள், அதற்கடுத்ததிலும் அதே. எழுதிய நேரம் பெரும்பாலும் வீண். அதன் பிறகு அட்டை எழுதும் முறையையே மாற்றினேன். அந்த முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

ஒவ்வொரு அட்டையிலும் நான்கு பகுதிகள் வரும்: வடிவமைப்பு, பங்கேற்பாளர்கள், முடிவு, வரம்பு. இவை தனித்தனிப் பெட்டிகள்போலத் தெரிந்தாலும் உள்ளே ஒரே கயிறு ஓடுகிறது. வடிவமைப்பைச் சரியாக எழுதினால் வரம்பு அதிலிருந்தே வந்துவிடும். வடிவமைப்பு மேலோட்டமாக இருந்தால் வரம்பும் எல்லா அட்டைக்கும் பொதுவான மூன்று வரியாகத்தான் முடியும்.

எழுதுவதற்கு முன்: எண்ணுவது

முதல் வாசிப்பில் பேனா வேண்டாம், பென்சில் போதும். பாடத்தில் பரிசோதனை தொடங்கும் ஒவ்வொரு இடத்திலும் ஓரத்தில் ஒரு எண் போட்டுக்கொண்டே போங்கள். இங்கே பார்க்க வேண்டியது ஆய்வாளரின் பெயரை அல்ல. ஒரே பெயருக்குக் கீழே இரண்டு பரிசோதனைகள் இருக்கலாம். புதிய ஆட்களை வைத்துப் புதிய கேள்வி கேட்டிருந்தால் அது புதிய பரிசோதனை, அதற்குப் புதிய அட்டை.

இதற்கு நல்ல உதாரணம் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974-இல் வெளியிட்ட கார் விபத்து ஆய்வு. பல பாடநூல்கள் இதை ஒரே பத்தியில் சொல்லிவிடும். "வேகத்தைக் கேட்டார்கள், அப்புறம் கண்ணாடி உடைந்ததா என்று கேட்டார்கள்" என்று படித்துவிட்டு, ஒரே ஆட்களிடம் இரண்டையும் கேட்டதாகப் பலர் எழுதிவைக்கிறார்கள். உண்மையில் அவை இரண்டு பரிசோதனைகள். முதலாவதில் 45 பேர், இரண்டாவதில் வேறு 150 பேர். இரண்டையும் ஒரே அட்டையில் திணித்தால் எண்கள் குழம்பும். அதைவிட முக்கியம், இரண்டாவது பரிசோதனையை ஏன் செய்தார்கள் என்பதே மறைந்துபோகும். அதைக் கீழே விரிவாகப் பார்க்கலாம்.

வேறொருவர் பிறகு செய்து பார்த்த ஆய்வுகளை என்ன செய்வது? "இந்த முடிவை இன்னார் கேள்விக்குள்ளாக்கினார்" என்று பாடத்தில் ஒரே ஒரு வரிதான் வருகிறது என்றால் அதற்குத் தனி அட்டை தேவையில்லை. மூல அட்டையின் வரம்புப் பகுதியில் அதை எழுதுங்கள். முறையும் எண்களும் தந்து விளக்கியிருந்தால் மட்டும் தனி அட்டை போடுங்கள்.

அட்டைக்குக் கடையில் போய் எதையும் வாங்க வேண்டாம். ஏ4 தாளை நான்காக மடித்து வெட்டினால் அளவு சரியாக இருக்கும். முன்பக்கம் பெயர், ஆண்டு, ஆய்வாளர் கேட்ட கேள்வி. பின்பக்கம் நான்கு பகுதிகள். கேள்வியைக் கேள்வியாகவே எழுதுங்கள். "கண்சாட்சி நினைவு" என்று தலைப்பு போடாமல், "கேள்வியில் உள்ள வினைச்சொல்லை மாற்றினால், பார்த்த வேகம் பற்றிய பதிலும் மாறுமா?" என்று எழுதுங்கள். தலைப்பு எந்தப் பாடம் என்பதை மட்டும்தான் சொல்லும். கேள்வி இருந்தால் பின்பக்கத்தில் வரும் ஒவ்வொரு வரியும் எதற்காக என்று தெரியும்.

வடிவமைப்பு: மூன்று கேள்விகள்

புதிதாக எழுதுபவர்கள் இந்தப் பகுதியில் பெரும்பாலும் "ஆய்வகப் பரிசோதனை" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது எங்கே நடந்தது என்பதைத்தான் சொல்கிறது, எப்படி அமைத்தார்கள் என்பதைச் சொல்லவில்லை. வடிவமைப்பை எழுத மூன்று கேள்விகள் கேட்டால் போதும். ஆய்வாளர் எதை மாற்றினார்? எதை அளந்தார்? ஒரே ஆட்கள் எல்லா நிலைகளையும் கடந்தார்களா, அல்லது ஒவ்வொரு நிலைக்கும் தனிக்குழுவா? முதல் இரண்டுக்குப் பாடநூலில் சாரா மாறி, சார்ந்த மாறி என்று பெயர். தேர்வில் அந்தப் பெயர்களை எழுத வேண்டியிருக்கும். ஆனால் அட்டையில் நான் "மாற்றியது", "அளந்தது" என்றுதான் எழுதுவேன். அவசரத்தில் சாரா, சார்ந்த என்ற இரண்டும் இடம் மாறிவிடும்; மாற்றியது, அளந்தது என்பவை மாறாது.

லாஃப்டஸ்–பாமர் முதல் பரிசோதனையில் இந்த மூன்றையும் போட்டுப் பார்க்கலாம். மாணவர்களுக்குச் சாலை விபத்துக் காட்சிகள் கொண்ட ஏழு குறும்படங்கள் காட்டினார்கள். ஒவ்வொரு படத்துக்கும் பிறகு கேள்வித்தாள். அதில் மற்ற கேள்விகளுக்கு நடுவே, கார்கள் ஒன்றோடொன்று மோதியபோது என்ன வேகத்தில் போயின என்று ஒரு கேள்வி. அந்தக் கேள்வியில் வினைச்சொல் மட்டும் குழுவுக்குக் குழு வேறு. ஆங்கிலத்தில் ஸ்மாஷ்டு, கொலைடட், பம்ப்டு, ஹிட், கான்டாக்டட் என ஐந்து சொற்கள். ஆக, மாற்றியது வினைச்சொல், அளந்தது அவர்கள் சொன்ன வேகம்.

மூன்றாவது கேள்வியில்தான் பலர் சறுக்குகிறார்கள். எல்லோரும் ஏழு படங்களையும் பார்த்தார்கள் என்பதால் "ஒரே ஆட்கள் எல்லா நிலைகளிலும்" என்று எழுதிவிடுகிறார்கள். படங்களைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் ஆய்வாளர் மாற்றியது படத்தை அல்ல, வினைச்சொல்லை. ஒருவருக்கு ஒரு வினைச்சொல்தான் வந்தது. எனவே இது தனிக்குழு வடிவமைப்பு. மூன்றாவது கேள்வியைக் கேட்கும்போது கண் எப்போதும் முதல் கேள்வியின் பதிலில் இருக்க வேண்டும். எதை மாற்றினார்களோ அதை ஒருவர் எத்தனை வடிவில் சந்தித்தார் என்று பாருங்கள்.

இன்னொரு விஷயம். அட்டையைத் தமிழில் எழுதுபவர்கள் இந்த ஐந்து சொற்களையும் மொழிபெயர்க்க முயல்வார்கள். நொறுங்கியது, மோதியது, முட்டியது, இடித்தது, தொட்டது என்று ஓரளவு கொண்டுவரலாம். ஆனால் இந்தப் பரிசோதனையில் சொல்தான் மாறி. 'முட்டியது' என்ற சொல் தரும் வேகமும் 'பம்ப்டு' தரும் வேகமும் ஒன்றா என்று யாரும் அளந்து பார்த்துவிட்டு நாம் எழுதவில்லை. அதனால் மூலச்சொல்லைத் தமிழ் எழுத்தில் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பொருளைப் பக்கத்தில் சின்னதாக எழுதினால் போதும்.

எதிர்ப்பக்க உதாரணம் லாய்ட் பீட்டர்சனும் மார்கரெட் பீட்டர்சனும் 1959-இல் செய்த குறுகிய கால நினைவுப் பரிசோதனை. மூன்று மெய்யெழுத்துகளைச் சொல்வார்கள். உடனே ஒரு எண்ணைக் கொடுத்து, அதிலிருந்து மும்மூன்றாகவோ நான்கு நான்காகவோ பின்னோக்கி எண்ணச் சொல்வார்கள். மனதுக்குள் எழுத்துகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ள விடாமல் தடுப்பதற்குத்தான் இந்த எண்ணல். 3, 6, 9, 12, 15, 18 விநாடிகளில் ஏதோ ஒன்றில் நிறுத்தி, எழுத்துகளைக் கேட்பார்கள். மாற்றியது இடைவெளி, அளந்தது சரியாகச் சொன்ன விகிதம். 24 மாணவர்களும் ஆறு இடைவெளிகளையும் கடந்தார்கள், ஒவ்வொன்றையும் எட்டு முறை. எனவே ஒருவருக்கு 48 முயற்சிகள். இந்த 48 என்ற எண்ணை வடிவமைப்புப் பகுதியில் கட்டாயம் எழுதுங்கள். அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. இந்தப் பரிசோதனையின் மிகப் பெரிய வரம்பு அந்த எண்ணுக்குள்தான் இருக்கிறது.

பங்கேற்பாளர்கள்

இந்தப் பகுதி சிறியது. எத்தனை பேர், யார், எப்படிப் பிரித்தார்கள் என்ற மூன்றும் வந்தால் போதும். "மாணவர்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். "45 மாணவர்கள், 5 குழு, குழுவுக்கு 9 பேர்" என்று எழுதினால், பின்னால் முடிவைப் படிக்கும்போது ஒவ்வொரு சராசரிக்கும் பின்னால் ஒன்பது பேர்தான் இருக்கிறார்கள் என்பது நினைவுக்கு வரும்.

எண் பாடநூலில் இல்லையென்றால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு விடுங்கள். ஊகித்து எழுத வேண்டாம். ஒரு மாதம் கழித்து அட்டையைப் பார்க்கும்போது எது பாடத்தில் இருந்தது, எது நீங்கள் ஊகித்தது என்று உங்களால் பிரிக்க முடியாது.

முடிவு: கண்டதும் விளக்கமும் தனித்தனி

முடிவுப் பகுதியில் ஒரு ஒப்பீடு இருந்தே ஆக வேண்டும். "வினைச்சொல் நினைவைப் பாதித்தது" என்பது முடிவு அல்ல, விளக்கம். "ஸ்மாஷ்டு என்று கேட்கப்பட்ட குழு சராசரியாக மணிக்கு 40 மைல் அளவில் சொன்னது, கான்டாக்டட் குழு 32 மைல் அளவில் சொன்னது" என்பதுதான் முடிவு. ஹிட் குழுவின் சராசரி 34. ஐந்து எண்ணையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. மேல்முனை, கீழ்முனை, அடுத்த பரிசோதனையிலும் வரப்போகிற ஹிட் ஆகிய மூன்று போதும்.

விளக்கத்தையும் அட்டையில் எழுதலாம், ஆனால் ஒரு கோடு கிழித்து அதற்குக் கீழே எழுதுங்கள். லாஃப்டஸும் பாமரும் முதல் பரிசோதனையின் முடிவுக்கு இரண்டு விளக்கங்கள் இருக்கக்கூடும் என்று சொன்னார்கள். ஒன்று, வேகம் சரியாகத் தெரியாத ஒருவர் 30-ஆ 40-ஆ என்று தடுமாறும்போது, ஸ்மாஷ்டு என்ற சொல் அவரை 40 பக்கம் தள்ளுகிறது. நினைவு மாறவில்லை, பதில் மட்டும் சாய்கிறது. மற்றொன்று, அந்தச் சொல் நினைவில் உள்ள காட்சியையே மாற்றிவிடுகிறது. முதல் பரிசோதனையை வைத்து இந்த இரண்டில் எது என்று சொல்ல முடியாது. இதை ஒரு அட்டையிலிருந்து அடுத்த அட்டைக்குப் போகும் அம்புக்குறியாகப் போட்டுவையுங்கள். இரண்டாவது பரிசோதனை இந்தக் கேள்விக்காகத்தான் பிறந்தது.

அதில் 150 மாணவர்கள், 50 பேராக மூன்று குழு. ஒரு விபத்துப் படம் காட்டினார்கள். ஒரு குழுவிடம் ஸ்மாஷ்டு சொல்லை வைத்து வேகம் கேட்டார்கள், இன்னொன்றிடம் ஹிட் சொல்லை வைத்து. மூன்றாவது குழுவிடம் வேகத்தையே கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து, படத்தைத் திரும்பக் காட்டாமல், உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று எல்லோரிடமும் கேட்டார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. பார்த்தேன் என்று சொன்னவர்கள் ஸ்மாஷ்டு குழுவில் 16 பேர், ஹிட் குழுவில் 7 பேர், கட்டுப்பாட்டுக் குழுவில் 6 பேர்.

இந்த மூன்று எண்களையும் அட்டையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பாருங்கள். முதலில் கண்ணில் படுவது 16. ஆனால் 7-க்கும் 6-க்கும் இடையே கிட்டத்தட்ட வித்தியாசமே இல்லை என்பதும் முடிவின் பகுதிதான். வேகத்தைப் பற்றிக் கேட்டதே கண்ணாடியை வரவைக்கவில்லை, அந்த ஒரு சொல்தான் வரவைத்தது என்று நமக்குச் சொல்வது இந்த ஒப்பீடு. அடுத்து, ஸ்மாஷ்டு குழுவிலேயே 34 பேர் கண்ணாடியைப் பார்க்கவில்லை என்று சரியாகச் சொன்னார்கள். பலருடைய அட்டைகளில் "ஸ்மாஷ்டு என்று கேட்டவர்கள் இல்லாத கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னார்கள்" என்று, எல்லோரும் சொன்னதுபோல எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். 50-இல் 16 என்று எழுதும் பழக்கம் இருந்தால் அந்தத் தவறு வராது. சதவீதத்தைவிட இந்தப் பாணியை நான் விரும்புவதற்குக் காரணமும் அதுதான். மொத்தமும் பகுதியும் சேர்ந்தே கண்ணில் படும்.

வரம்பு: கட்டைவிரல் சோதனை

இனி வரம்பு. நேரத்தை இங்கே செலவழியுங்கள்.

எழுதிய வரம்பு வரியை வைத்துக்கொண்டு அட்டையின் மற்ற எல்லாவற்றையும் கையால் மறையுங்கள். அந்த வரியை மட்டும் படித்து எந்தப் பரிசோதனை என்று சொல்ல முடிந்தால் வரி நல்ல வரி. சொல்ல முடியாவிட்டால் அதை அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். மறுபடி எழுத ஒரு வழி இருக்கிறது. வடிவமைப்புப் பகுதிக்குத் திரும்பிப் போய், அதில் உள்ள ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டு, "இதனால் முடிவின் எந்தப் பகுதி ஆட்டம் காண்கிறது?" என்று கேளுங்கள். வரம்பு வரியில் எப்போதும் இரண்டு பாதி இருக்க வேண்டும்: வடிவமைப்பில் உள்ள ஒரு விஷயம், அது முடிவுக்குச் செய்யும் சேதம்.

பீட்டர்சன் அட்டையில் செய்து பார்ப்போம். என் பழைய அட்டையில் இருந்தது "மூன்று எழுத்துகளை மனப்பாடம் செய்வது அன்றாட வாழ்வில் இல்லாத வேலை" என்ற வரி. தவறு என்று சொல்ல முடியாது, ஆனால் முடிவை அது அசைக்கவில்லை. முடிவு என்ன? 3 விநாடியில் சுமார் 80 சதவீதம் சரியாகச் சொன்னார்கள், 18 விநாடியில் 10 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. நேரம் போகப் போக நினைவு தேய்கிறது என்று இதை விளக்கினார்கள். இப்போது வடிவமைப்பில் உள்ள 48 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒன்றன்பின் ஒன்றாக 48 முறை மூன்று மூன்று எழுத்துகளைக் கேட்கிறார். இருபதாவது முறை தடுமாறினால், அது நேரம் தேய்த்ததா, அல்லது முன்னால் கேட்ட பத்தொன்பதும் குறுக்கே வருகிறதா? கெப்பலும் அண்டர்வுட்டும் 1962-இல் இதைத்தான் சோதித்தார்கள். முதல் முயற்சியை மட்டும் எடுத்துப் பார்த்தால், இடைவெளி நீண்டாலும் மறதி கிட்டத்தட்ட இல்லை. பின்னால் வரும் முயற்சிகளில்தான் மறதி தலைகாட்டியது.

எனவே அட்டையில் இப்படி எழுதலாம்: "ஒருவருக்கு 48 முயற்சிகள் என்பதால், மறதிக்குக் காரணம் கடந்த விநாடிகளா, முந்தைய எழுத்துகளின் குறுக்கீடா என்று பிரிக்க முடியாது. முதல் முயற்சியில் மறதி மிகக் குறைவு (கெப்பல், அண்டர்வுட், 1962)." தலைப்பை மறைத்தாலும் இது பீட்டர்சன் என்று தெரிகிறது. அதோடு, ஒரே ஆட்களைத் திரும்பத் திரும்பச் சோதிப்பதில் என்ன ஆபத்து என்பதும் கூடவே மனதில் பதிகிறது. வேறு பரிசோதனையில் அதே வடிவமைப்பைப் பார்த்தால் அங்கேயும் அதே கேள்வியைக் கேட்கத் தோன்றும்.

லாஃப்டஸ் முதல் அட்டைக்கு வரம்பு ஏற்கெனவே கையில் இருக்கிறது. பதில் சாய்ந்ததா, நினைவு மாறியதா என்று பிரிக்க முடியாததுதான் அது. இரண்டாவது அட்டைக்கு? படம் பார்த்தவர்கள் வகுப்பறையில் உட்கார்ந்திருந்த மாணவர்கள், அவர்களுக்கு அந்த விபத்தில் பயமும் இல்லை, தங்கள் பதிலால் யாருக்கும் எதுவும் ஆகப்போவதும் இல்லை. இது கொஞ்சம் பொதுவான வரியாகத்தான் தொடங்குகிறது. ஆனால் இதற்கு ஆதாரம் சேர்த்தால் கூர்மை வந்துவிடும். கனடாவில் யூலும் கட்ஷாலும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், நிஜமாக நடந்த ஒரு துப்பாக்கிச் சூட்டை நேரில் கண்ட 13 பேரைச் சில மாதங்கள் கழித்துப் பேட்டி எடுத்தார்கள். வேண்டுமென்றே வழிதவறச் செய்யும் கேள்விகளையும் நடுவில் கேட்டார்கள். சாட்சிகள் பெரும்பாலும் அசையவில்லை. "படம் பார்த்தவர்களிடம் கண்டது, நிஜச் சம்பவத்தைக் கண்டவர்களிடம் அப்படியே வரவில்லை (யூல், கட்ஷால்: 13 சாட்சிகள்)" என்று எழுதினால் "ஆய்வகச் சூழல் செயற்கையானது" என்ற தேய்ந்த வரிக்கு ஒரு முகம் கிடைக்கிறது. யூல்–கட்ஷால் ஆய்வுக்கும் வரம்பு உண்டு என்பதை மறக்காதீர்கள். பேட்டிக்குச் சம்மதித்தவர்கள் மட்டும்தான் அந்த 13 பேர்.

முழுதாக ஒரு அட்டை

முறை பழகியதும் ஒரு அட்டையைத் தொடக்கம் முதல் கடைசி வரை நீங்களே எழுதிப் பாருங்கள். கோடனும் பேடலியும் 1975-இல் ஸ்காட்லாந்துக் கடலில் செய்த பரிசோதனை இதற்கு நல்ல பயிற்சி. ஆழ்நீச்சல் சங்கத்து உறுப்பினர்கள் 36 சொற்களைக் கரையிலோ நீருக்கடியிலோ கேட்டுப் படித்தார்கள். பிறகு அதே இடத்திலோ மற்ற இடத்திலோ நினைவுகூர்ந்தார்கள். என் அட்டை இப்படி இருக்கிறது:

*கேள்வி (முன்பக்கம்):* படித்த இடத்திலேயே நினைவுகூர்ந்தால் அதிகச் சொற்கள் வருமா?

*வடிவமைப்பு:* மாற்றியது இரண்டு: படித்த இடம், நினைவுகூர்ந்த இடம் (கரை அல்லது நீருக்கடி). அதனால் நான்கு நிலைகள். அளந்தது: 36-இல் நினைவுகூர்ந்த சொற்கள். ஒரே ஆட்கள் நான்கு நிலைகளையும் வெவ்வேறு நாட்களில் கடந்தார்கள்.

*பங்கேற்பாளர்கள்:* 18 பேர், பல்கலைக்கழக ஆழ்நீச்சல் சங்கம்.

*முடிவு:* கரை–கரை 13.5, நீர்–நீர் 11.4. இடம் மாறியபோது 8.6 (கரையில் படித்து நீரில் சொன்னது), 8.4 (நீரில் படித்துக் கரையில் சொன்னது).

*வரம்பு:* இரண்டு இடமும் மிக அதிகமாக வேறுபட்டவை; வகுப்பறை, தேர்வறை போன்ற சின்ன வேறுபாட்டுக்கு இதை அப்படியே நீட்ட முடியாது. தானாக நினைவுகூர்வதில் மட்டும் கண்டது. சொல்லைக் காட்டி 'இது இருந்ததா?' என்று கேட்டபோது அதே ஆய்வாளர்களுக்கு 1980-இல் இந்த விளைவு கிடைக்கவில்லை. 1975 பரிசோதனையை 2021-இல் முர்ரே திரும்பச் செய்தபோதும் கிடைக்கவில்லை.

இந்த அட்டையில் நான் விட்டுவிட்ட ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். இடம் மாறிய நிலைகளில் குறைவாகச் சொன்னதற்கு, கரையிலிருந்து நீருக்குள் இறங்குகிற அலைச்சலே காரணமாக இருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றினால், அது மிக நல்ல கேள்வி. முதல் வரைவில் நானும் அதை வரம்பாக எழுதியிருந்தேன். ஆனால் கோடனும் பேடலியும் அதே கட்டுரையில் இரண்டாவது பரிசோதனை ஒன்றைச் செய்து அதைச் சோதித்திருக்கிறார்கள். கரையில் படித்து, நடுவில் நீருக்குள் போய்வந்து, மீண்டும் கரையிலேயே சொன்னவர்களிடம் நினைவு குறையவில்லை. ஆய்வாளர்களே விடை சொல்லிவிட்ட கேள்வியை வரம்பாக எழுதக் கூடாது. அதனால் ஒரு வரம்பு தோன்றியதும், அதே பாடத்தில் அடுத்த பக்கம் வரை படித்துவிட்டு எழுதுங்கள்.

எண்களில் இன்னொரு சின்ன விஷயமும் இருக்கிறது. நீர்–நீர் 11.4 என்பது கரை–கரை 13.5-ஐவிடக் குறைவு. அதை விட்டுவிட்டு "ஒரே இடத்தில் சொன்னால் அதிகம்" என்று மட்டும் எழுதிவிடுவது எளிது. நான்கு எண்ணும் அட்டையில் இருப்பது அதற்காகத்தான். இரண்டு மாறிகள் உள்ள பரிசோதனைகளில் எல்லா நிலைகளின் எண்ணையும் எழுதுங்கள். ஒரு மாறி மட்டும் என்றால் இரு முனைகள் போதும்.

பரிசோதனையே அல்லாதது வந்தால்

நினைவாற்றல் பாடத்தில் எச்.எம். என்ற நோயாளியைச் சந்திக்காமல் போக முடியாது. வலிப்பு நோய்க்காக 1953-இல் மூளையின் இரு பக்கமும் ஹிப்போகாம்பஸ் பகுதியை அகற்றினார்கள். அதற்குப் பிறகு புதிய நிகழ்வுகளை அவரால் நினைவில் நிறுத்த முடியவில்லை. ஸ்கோவிலும் மில்னரும் 1957-இல் இதை எழுதினார்கள். இங்கே ஆய்வாளர் எதையும் மாற்றவில்லை. அறுவை சிகிச்சை சிகிச்சைக்காக நடந்தது. எனவே 'மாற்றியது' என்ற இடத்தில் எதையாவது நிரப்ப முயலாதீர்கள். வடிவமைப்பில் "தனிநபர் ஆய்வு, மாறி எதுவும் கையாளப்படவில்லை" என்று எழுதுங்கள். ஒப்பீடு என்று இருப்பது அறுவைக்கு முன்னும் பின்னும் அவர் எப்படி இருந்தார் என்பதும், அவரால் முடிந்ததும் முடியாததும்தான். கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் வேலையில் நாளுக்கு நாள் தேறினார், ஆனால் முன்னால் அதைச் செய்தது நினைவில்லை. முடிவுப் பகுதியில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

வரம்பில் "ஒரே ஒருவர்" என்று நிறுத்திவிடாதீர்கள். கட்டைவிரல் சோதனையில் அது தேறாது, தனிநபர் ஆய்வு எல்லாவற்றுக்கும் பொருந்தும். அவருக்கு அறுவைக்கு முன்பே பல வருடம் கடுமையான வலிப்பும் மருந்துகளும் இருந்தன. ஹிப்போகாம்பஸோடு சேர்ந்து அருகில் உள்ள பகுதிகளும் போயின. அவர் 2008-இல் இறந்த பிறகு மூளையை ஆராய்ந்தபோது, ஹிப்போகாம்பஸில் ஒரு பங்கு மிச்சம் இருந்ததும் தெரிந்தது. எனவே "எந்தப் பகுதி போனதால் எந்த நினைவு போனது என்பதை இந்த ஒருவரை வைத்துத் துல்லியமாகப் பிரிக்க முடியாது" என்பதுதான் எழுத வேண்டிய வரி.

அட்டையைச் சோதிப்பது

எழுதி முடித்த அட்டைகளை மூன்று நாள் தொடாதீர்கள். அப்புறம் எடுத்து, முன்பக்கத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தை மட்டும் படித்து, ஆய்வாளர் கேட்ட கேள்வி என்ன என்று ஒரு தாளில் எழுதுங்கள். திருப்பிப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் அந்த அட்டை பயன்படும். ஒத்துப்போகாவிட்டால் பெரும்பாலும் பிழை வடிவமைப்புப் பகுதியில்தான் இருக்கும், 'மாற்றியது' என்ற வரியில் முதலில் தேடுங்கள்.

அடுத்தது எதிர்த்திசையில். முன்பக்கக் கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு, இதைச் சோதிக்க நீங்களே ஒரு பரிசோதனை அமைத்தால் எப்படி அமைப்பீர்கள் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு அட்டையைத் திருப்புங்கள். லாஃப்டஸ் அட்டையில் இதைச் செய்தபோது, ஒரே ஆட்களிடம் ஐந்து சொற்களையும் கேட்கலாமே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஒருவரிடம் ஒரு முறை ஸ்மாஷ்டு, அடுத்த முறை ஹிட் என்று கேட்டால் சொல்லைத்தான் சோதிக்கிறார்கள் என்று அவருக்கே தெரிந்துவிடும் என்பது அப்போதுதான் புரிந்தது. அன்றைக்கே அந்த அட்டையின் வடிவமைப்புப் பகுதியில் "தனிக்குழு" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அந்தக் காரணத்தையும் எழுதிவைத்தேன்.